லாரி எந்த வாசலில் நிற்கும்? ஒரு தண்ணீர் அறிவிப்பின் பி.டி.எஃப்-ஐக் காதால் படிக்க வைத்த கதை

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு செட்டிநாட்டு ஊரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், அப்புறம் உள்ளூர் அலுவலகம் ஒன்றுக்கு அவ்வப்போது அறிவிப்புகள். போன கோடையில் அவர்களுக்காகத் தண்ணீர் லாரி அறிவிப்பு ஒன்றை இரண்டு பக்கத்துக்குச் செய்து கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போனது. மறுநாள் காலையில் எதிர்த்தெரு அண்ணன் கடைக்கு வந்தார். அவருக்குப் பார்வை கிடையாது. கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் வைத்து எல்லா வேலையும் பார்ப்பவர்.

"தம்பி, நீ போட்டது தமிழ்தானா? என் மெஷின் ஜே, கே, பி, ஓ-ன்னு இங்கிலீஷ் எழுத்தா சொல்லுது."

கோப்பைத் திறந்து பார்த்தால் திரையில் அழகான தமிழ். ஆனால் அவர் சொன்னதுதான் உண்மை. அந்தக் கோப்பைச் சரி செய்ய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவருக்கு அரை நாள் போதும். செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்

பி.டி.எஃப்-ஐத் திறந்து, Ctrl+A அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்து, நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். திரைவாசிப்பானுக்குக் கிடைப்பது ஏறத்தாழ இதுதான். நான்கில் ஒன்று நடக்கும்.

எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். உள்ளே எழுத்தே இல்லை. பெரும்பாலான அலுவலகக் கோப்புகள் இந்த ரகம்தான். கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்தும் சீலும் வைத்து, அதை மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். கையெழுத்துக்காக முழு எழுத்தையும் பலி கொடுக்கிற வேலை இது. நான் அலுவலகத்தில் பேசி ஒத்துக்கொள்ள வைத்தது சின்ன மாற்றம்தான். கையெழுத்திட்ட தாள் கோப்பில் இருக்கட்டும், ஊருக்குப் போகும் பிரதியில் 'ஓம்/-' என்று தட்டச்சு செய்து கீழே பதவியைப் போட்டுவிடலாம். நகல்களில் இப்படிப் போடுவது அலுவலகங்களுக்குப் பழக்கமானதுதான் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

ஆங்கில எழுத்துகள் கந்தரகோளமாக ஒட்டினால் அது பழைய வகை எழுத்துரு. என் கோப்பின் கோளாறு இதுதான். பாமினி போன்ற எழுத்துருக்களில் நாம் "தமிழ்" என்று அடிக்கும்போது கோப்புக்குள் உட்காருவது `jkpo;` என்ற ஐந்து குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. கண் ஏமாறும், காது ஏமாறாது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது என்றாலும் பழைய விசைப்பலகைப் பழக்கம் விடுவதாக இல்லை, என்னையும் சேர்த்து. இதற்கு ஒரே வழி மூலக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது. இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள், பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் அதையும் மாற்றி தமிழ் மாதிரி ஏதோ ஒன்று ஆக்கிவிடும்.

மூன்றாவது வகை கொஞ்சம் நுட்பமானது. தமிழ் ஒட்டும், ஆனால் "பொது" என்பது "ெபாது" என்று வரும். கொம்பு எழுத்துக்கு முன்னால் தெரிகிறது, ஆனால் யூனிகோடில் அது மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட வேண்டும். பி.டி.எஃப். ஆக்கும் சில மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தை அடுக்கிவிடுகின்றன. அப்போது கொ, கோ, கெ, கே, கை வரும் சொல்லெல்லாம் காதில் உடையும். இதை பி.டி.எஃப்-க்குள் கைவைத்துச் சரி செய்ய முயலாதீர்கள், ஆயுள் போதாது. வேறு எழுத்துருவில் மாற்றிப் பாருங்கள், அல்லது வேறு மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்யுங்கள். எனக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் சரியாக வந்தது.

நான்காவது, எல்லாம் ஒழுங்காக ஒட்டுவது. அப்படியென்றால் எழுத்து சரி, இனி அமைப்பைப் பார்க்கலாம்.

பி.டி.எஃப்-ஐத் தொடாதீர்கள், மூலத்தைத் தொடுங்கள்

டேக் என்பது கோப்புக்குள் ஒட்டியிருக்கும் சீட்டு மாதிரி. இது தலைப்பு, இது பாரா, இது அட்டவணையின் தலைவரிசை என்று சொல்லும். திரையில் தெரியாது, அச்சிலும் வராது. சீட்டு இருந்தால் அண்ணன் H விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார், T அழுத்தினால் அட்டவணைக்குப் போய்விடுவார். இல்லாவிட்டால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் கேட்டாக வேண்டும்.

முடிந்த பி.டி.எஃப்-இல் டேக் போட அக்ரோபேட் ப்ரோ போன்ற காசு கொடுக்கும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் அறிவிப்பில் ஒரு தேதி மாறினால் அத்தனையும் மறுபடி செய்ய வேண்டும். மூலக் கோப்பில் ஒழுங்காக வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தானாக வரும். அதனால் நான் செய்தது எல்லாம் ரைட்டரில்தான். வேர்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே பாதைதான், மெனுப் பெயர்கள் மட்டும் மாறும்.

என் பழைய கோப்பில் தலைப்பு என்பது பெரிதாக்கித் தடித்த எழுத்து, அவ்வளவுதான். கணினிக்கு அது தலைப்பு என்று தெரியாது. தலைப்பு வரியில் கர்சரை வைத்து Ctrl+1 அழுத்தினால் `Heading 1` ஆகும். உட்தலைப்புக்கு Ctrl+2. அதன் தோற்றம் பிடிக்கவில்லை என்றால் F11 அழுத்தி அந்தப் பாணியையே மாற்றிக்கொள்ளுங்கள், வரியைத் தனியாக அலங்கரிக்காதீர்கள். ஆவணத்தில் ஒரே ஒரு முதல்நிலைத் தலைப்பு போதும். ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவாதீர்கள்.

அடுத்து மொழி. எழுத்து தமிழாக இருந்தாலும் கோப்பின் மொழி ஆங்கிலம் என்று பதிவாகியிருந்தால், மொழியைப் பார்த்துக் குரல் மாற்றும் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு திணறும். ரைட்டரில் `Tools > Options` போய், மொழி அமைப்பில் `Complex text layout` என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் `File > Properties > Description` பக்கத்தில் `Title` கட்டத்தில் அறிவிப்பின் பெயரை எழுதுங்கள். அதைக் காலியாக விட்டால் கோப்பைத் திறந்ததும் "ஸ்கேன் ஜீரோ ஜீரோ ட்வெல்வ்" என்று கோப்புப் பெயரைத்தான் வாசிக்கும்.

வாசிப்பு வரிசை

இங்கேதான் எனக்கு அதிக நேரம் போனது. முதல் பக்கத்தில் இரண்டு பகுதிகளை அக்கம்பக்கமாக வைத்திருந்தேன். இடப்பக்கம் லாரி வரும் காரணம், வலப்பக்கம் குடம் வைக்கும் விதிகள். அதை எப்படிச் செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி. கண்ணுக்கு இரண்டு பத்தி, கோப்புக்கு ஒரே வரி. அண்ணனுக்குக் கேட்டது இப்படி: "ஊரணியில் நீர்மட்டம் ஒரு குடும்பத்துக்கு குறைந்துவிட்டதால் மூன்று குடம் மட்டுமே."

சரி, டெக்ஸ்ட் பாக்ஸ் போடலாமே என்று நினைப்பீர்கள். நானும் போட்டேன். அது இன்னும் மோசம். மிதக்கும் பெட்டி பக்கத்தில் எங்கே தெரிகிறது என்பது வேறு, கோப்பில் எந்தப் பாராவோடு கட்டியிருக்கிறது என்பது வேறு. என் விதிகள் பெட்டி கடைசிப் பாராவோடு கட்டியிருந்தது. அதனால் அட்டவணை எல்லாம் முடிந்தபின் "மூன்று குடம் மட்டுமே" என்று தனியாகக் கேட்டது.

பத்தி வேண்டுமென்றால் `Format > Columns` இருக்கிறது, அதில் வரிசை கலையாது. ஆனால் இரண்டு பக்க அறிவிப்புக்குப் பத்தி எதற்கு? நான் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துவிட்டேன். நம் வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே கோட்டில் போவது போல. படங்களைச் சொடுக்கி `Anchor` என்பதில் `As Character` தேர்ந்தால் அவையும் எழுத்தோடு எழுத்தாக நின்ற இடத்தில் நிற்கும்.

இன்னொரு பொறி ஃபுட்டர். தொடர்பு எண்ணைப் பக்கத்தின் அடியில் ஃபுட்டரில் போட்டிருந்தேன். ஏற்றுமதியாகும்போது ஹெட்டரும் ஃபுட்டரும் அலங்காரமாகக் கருதப்பட்டு வாசிப்பிலிருந்து விலக்கப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரியைக் கேட்கக் கூடாதே என்பதற்கான நல்ல ஏற்பாடுதான். ஆனால் லாரி வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பது அங்கே மட்டும் இருந்தால், அது அண்ணனுக்கு இல்லவே இல்லை. எண்ணையும் தேதியையும் அறிவிப்பின் உடலுக்குள் ஒருமுறை எழுதுங்கள்.

அட்டவணை

அறிவிப்பின் உயிரே அட்டவணைதான்: தெரு, கிழமை, நேரம், லாரி நிற்கும் இடம். மூன்று தெருக்களுக்கு ஒரே நேரம் என்பதால் மூன்று கட்டங்களையும் இணைத்து நடுவில் ஒருமுறை எழுதியிருந்தேன். பார்க்க நேர்த்தி. ஆனால் அண்ணன் Ctrl+Alt வைத்து அம்புக்குறியால் கட்டம் கட்டமாக நகரும்போது இணைந்த கட்டங்கள் அவரைக் குழப்பின. எந்த நேரம் எந்தத் தெருவுக்கு என்று பிடிபடவில்லை. இணைப்பைப் பிரித்து ஒவ்வொரு வரிசையிலும் நேரத்தைத் திரும்ப எழுதினேன். ஒரே தகவல் மூன்று முறை வந்தால் கெட்டுப்போகாது.

முதல் வரிசையைத் தலைவரிசையாக்க அட்டவணைக்குள் வலச்சொடுக்கு செய்து `Table Properties > Text Flow` போய் `Repeat heading` குறியிடுங்கள். அந்தக் கட்டங்களுக்கு `Table Heading` பாணியையும் கொடுங்கள். இது வந்தபின் ஒவ்வொரு கட்டத்துக்கும் "நேரம்", "லாரி நிற்கும் இடம்" என்று தலைப்போடு சேர்ந்து வாசிக்கும்.

கட்டத்துக்குள் எழுதுவதிலும் காது வேண்டும். "6.30-8.00" என்பதில் நடுக்கோட்டைப் பல குரல்கள் விழுங்கிவிடும். "காலை 6.30 முதல் 8.00 வரை" என்று எழுதிவிட்டால் சந்தேகமே இல்லை. "செ., வி., ஞா." போன்ற சுருக்கங்களை விரித்தேன். டிக் குறி போட்டிருந்த இடங்களில் "உண்டு" என்று எழுதினேன்.

படங்களுக்கு மாற்று உரை

மாற்று உரை என்பது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் வரி. கோப்பில் மூன்று படங்கள் இருந்தன. அலுவலக முத்திரை, பக்க ஓரத்தில் நான் ஆசையாகப் போட்ட ஆத்தங்குடிக் கல் பூவேலை, இரண்டாம் பக்கத்தில் ஒரு கைவரைபடம்.

பூவேலைக்கு எழுத ஒன்றுமில்லை. படத்தை வலச்சொடுக்கி `Alt Text` திறந்து `Decorative` குறியிட்டுவிட்டேன், திரைவாசிப்பான் தாண்டிப் போகும். அதற்கு "பூ வடிவம்" என்று எழுதினால் கேட்பவருக்கு நேரம் வீண். முத்திரைக்கு அலுவலகத்தின் பெயர் போதும்.

வரைபடத்துக்கு நான் முதலில் எழுதியது "ஊர் வரைபடம்". அண்ணன் சிரித்தார். "வரைபடம்னு தெரியுது தம்பி, அது என்ன சொல்லுதுன்னு சொல்லு." அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். எங்கள் ஊர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளமாகக் கிடப்பவை. சிவன் கோவில் தெருவுக்குத் தண்ணீர் என்றால் முகப்பில் குடத்தோடு நிற்பதா, பின்வாசலில் நிற்பதா? முன்தெருவில் லாரி திரும்ப இடம் இல்லாததால் பின்தெருவில்தான் நிற்கும். அந்த விஷயம் வரைபடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறியாக மட்டும் இருந்தது. எழுத்தில் எங்கேயும் இல்லை!

மாற்று உரை எழுதும்போது கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் படத்தை எடுத்துவிட்டால் படிப்பவர் எதை இழப்பார்? இழப்பதை எழுதுங்கள். ஆனால் வரைபடம் முழுவதையும் மாற்று உரையில் கொட்டினால் அது நீண்ட ஒரே மூச்சாக வாசிக்கப்படும், நடுவில் நிறுத்தி ஒரு வரியை மட்டும் திரும்பக் கேட்பது கஷ்டம். அதனால் இடங்களை அட்டவணையின் கடைசி நெடுவரிசைக்குக் கொண்டுபோனேன்: "பின்தெருவில், ஊரணியின் வடகரைப் படிக்கட்டு அருகே". மாற்று உரை இவ்வளவுதான்: "லாரி நிற்கும் நான்கு இடங்களைக் காட்டும் வரைபடம். சிவன் கோவில் தெருவுக்கு மட்டும் லாரி பின்தெருவில் நிற்கும். முழு விவரம் மேலே அட்டவணையில்." பார்வை உள்ளவர்களுக்கும் இந்த மாற்றம் உதவியது. வாட்ஸ்அப்பில் அந்த அம்புக்குறி எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்?

நிறம்

தலைவரிசைக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்து வெள்ளை எழுத்து வைத்திருந்தேன். ஆரஞ்சு `#ED7D31`, வேர்டின் பழைய பதிப்புகளில் கைக்கு முதலில் வந்த நிறங்களில் ஒன்று. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது வலை அணுகல் நெறிகளின் கணக்கு. குறைந்தது 18 புள்ளி எழுத்து, அல்லது குறைந்தது 14 புள்ளித் தடித்த எழுத்து என்றால் 3-க்கு 1 போதும். என் ஜோடிக்கு வந்தது 2.8. பெரிய எழுத்தாக வைத்தாலும் தேறாது. அதே சாயலில் இருட்டான `#A33B00` எடுத்தேன், 6.6 வந்தது. நிறக் குறியீட்டைக் கொடுத்தால் விகிதம் சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு, கண்ணால் மதிப்பிட வேண்டாம். வெள்ளைத் தாளில் சாம்பல் எழுத்து பிடிக்கும் என்றால் `#767676` கடைசி எல்லை. அதைவிட வெளிர்ந்தால் மத்தியான வெயிலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் யாருக்குமே தெரியாது.

ஆத்தங்குடிப் பூவேலையை முதலில் எழுத்துக்குப் பின்னணியாகவும் போட்டிருந்தேன். பல நிறப் பின்னணியில் ஓர் எழுத்துக்கு ஒரு விகிதம், அடுத்த எழுத்துக்கு இன்னொன்று. ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். லாரி வராத நாளைச் சிவப்புக் கட்டத்தால் மட்டும் காட்டியிருந்ததையும் "லாரி இல்லை" என்று எழுதினேன்.

ஏற்றுமதியும் சோதனையும்

`File > Export As > Export as PDF` திறந்து `General` பக்கத்தில் `Universal Accessibility (PDF/UA)` குறியிடுங்கள். இது 2012-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 14289 தரத்தைப் பின்பற்றும் ஏற்றுமதி. டேக்கும் இதோடு சேர்ந்து வரும். வேர்டில் சேமிக்கும்போது `Options` உள்ளே `Document structure tags for accessibility` என்று இருக்கும். இரண்டிலும் `Print` போய் பி.டி.எஃப். ஆக்காதீர்கள், இதுவரை செய்த டேக் எல்லாம் அந்த வழியில் உதிர்ந்துவிடும். முதல் நாள் நான் பழக்கதோஷத்தில் Ctrl+P அடித்து, ஏன் டேக் வரவில்லை என்று ஒரு மணி நேரம் தேடினேன்.

வந்ததா என்று பார்க்க இலவச அடோபி ரீடரில் Ctrl+D அழுத்துங்கள். `Tagged PDF: Yes` என்று இருக்க வேண்டும். கட்டளை வரி பழகியவர்களுக்கு:

```
pdfinfo arivippu.pdf
pdftotext arivippu.pdf sothanai.txt
```

முதலாவது `Tagged: yes` காட்ட வேண்டும். இரண்டாவது தரும் கோப்பில் கொம்பெழுத்துகள் சரியா என்று பாருங்கள்.

விண்டோஸில் பி.ஏ.சி. என்ற இலவசச் சோதிப்பான் இன்னும் விரிவாகப் பார்க்கும். ஆனால் அது எதைப் பார்க்க முடியும் என்பதில் தெளிவாக இருங்கள். மாற்று உரை இருக்கிறதா என்று பார்க்கும், அது உருப்படியானதா என்று பார்க்காது. "ஊர் வரைபடம்" என்று எழுதிய என் பழைய கோப்புக்கும் அந்த இடத்தில் பச்சைதான் வந்தது.

அதனால் கடைசியில் என்.வி.டி.ஏ-வை இறக்கி, திரையை அணைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். நான் வைத்துக்கொண்ட கேள்வி: வெள்ளிக்கிழமை சிவன் கோவில் தெருவுக்கு லாரி எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம்? பழைய கோப்பில் பதிலே கிடைக்கவில்லை. புதியதில் T அழுத்தி, நான்கு கட்டம் நகர்ந்ததும் கிடைத்தது.

அண்ணனிடம் கொடுத்தேன். கணினியில் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அப்புறம் போனை எடுத்தார். போனில் பி.டி.எஃப். காட்டும் பல செயலிகள் டேக்கைக் கண்டுகொள்வதில்லை, வெறும் எழுத்தை மட்டும் வரிசையாக வாசிக்கும். அட்டவணைத் தலைப்பெல்லாம் அங்கே வராது. ஒரே நெடுக்கில் வைத்திருந்ததால் வரிசையாவது கலையாமல் கேட்டது.

"தெருவுக்கு ஒரு வரியா வாட்ஸ்அப்லயே அடிச்சுப் போட்ரு தம்பி, இதோட சேர்த்து" என்றார். இப்போது ஒவ்வொரு அறிவிப்புக்கும் பி.டி.எஃப்-ஓடு அந்த ஆறு வரியும் போகிறது.